பீரியட்ஸும் மனநிலையும்: எப்படிக் குறிப்பது, எப்படிப் பேசுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு 14 வயது. மாசத்துல சில நாள் எது சொன்னாலும் சீறுகிறாள், இல்லாவிட்டால் அழுகிறாள். இது பீரியட்ஸாலயா, இந்த வயசே அப்படித்தானா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். எவ்வளவு கோபப்படுகிறாள் என்பதை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த நாளில் கோபப்படுகிறாள் என்பதுதான் முக்கியம். மாதவிடாயை ஒட்டிய மனமாற்றத்துக்கு ஒரு கால ஒழுங்கு இருக்கும். ரத்தப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் தலைகாட்டும், சிலருக்கு அதற்கும் சில நாள் முன்பே தொடங்கிவிடும். போக்கு தொடங்கிய சில நாட்களில் வடிந்துவிடும். அதற்கடுத்த வாரம் அநேகமாக ஒன்றுமே இருக்காது. இந்த ஏற்ற இறக்கம் மாதாமாதம் திரும்ப வந்தால் பீரியட்ஸைச் சந்தேகிக்கலாம். மாதம் முழுக்க ஒரே மாதிரி வாடிக் கிடந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இதை ஞாபகத்திலிருந்து சொல்ல முயலாதீர்கள். சண்டை நடந்த மறுநாளே பீரியட்ஸ் வந்துவிட்டால் மனசு இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். மாத நடுவில் நடந்த சண்டை மறந்தே போய்விடும். "எனக்கு ஒவ்வொரு மாசமும் இப்படித்தான்" என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் தினமும் எழுதச் சொல்லிப் பார்த்தால், பலரிடம் அந்த ஒழுங்கு தெரிவதில்லை. மருத்துவர்கள் குறைந்தது இரண்டு சுழற்சிகளின் தினக்குறிப்பைக் கேட்பது இதனால்தான்.

ரத்தம் வர்றதுக்கு முன்னாடியே மனசு ஏன் மாறுது?

ஒரு சுழற்சியின் நடுவில் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவருகிறது. அதன் பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு வாரம் உயரத்தில் நின்று, கர்ப்பம் இல்லை என்றானதும் சரியத் தொடங்குகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜனும் சரிகிறது. அந்தச் சரிவுதான் ரத்தப்போக்கைத் தொடங்கிவைக்கிறது. மனமாற்றம் வருவதும் இந்த ஏற்ற இறக்கக் காலத்தில்தான்.

புரோஜெஸ்டிரான் உடைந்து உண்டாகும் ஒரு பொருள், பதற்றத்தைத் தணிக்கும் மூளையின் காபா அமைப்பில் வேலை செய்கிறது. பெரும்பாலோருக்கு அது அமைதி தரும். சிலருடைய மூளை இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கத் தடுமாறுவதால் எரிச்சலும் பதற்றமும் தலைதூக்குகின்றன என்பதுதான் இன்றைக்கு வலுவாக இருக்கும் விளக்கம். மூளையில் செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு.

இதோடு மிகச் சாதாரணமான ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்று வலியில் இரவெல்லாம் புரண்டு படுத்த பிள்ளை காலையில் சிரித்த முகத்தோடு எழுந்துவர முடியாது. எத்தனையோ வீடுகளில் "மூடு சரியில்லை" என்று பேசப்படுவது உண்மையில் சரியாகக் கவனிக்கப்படாத வலி.

அப்படின்னா ஹார்மோன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா? எதற்கு இந்த டைரியெல்லாம்?

தெரியாது. அளவு பார்த்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மாதவிடாய்க்கு முன் கடுமையாக அவதிப்படும் பெண்களுக்கும், அந்தத் தொல்லையே இல்லாத பெண்களுக்கும் மருந்து கொடுத்துச் சினைப்பையின் ஹார்மோன்களை அடக்கினார்கள். பிறகு இரு தரப்பினருக்கும் ஒரே மாதிரி ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரானையும் திரும்பக் கொடுத்தார்கள். ஹார்மோன் அடங்கியபோது நிம்மதி அடைந்தவர்களுக்கு, அது திரும்ப வந்ததும் பழைய தொல்லையும் திரும்பியது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஹார்மோன்தான், அதை ஏற்கும் மூளைகள்தான் வேறு.

ரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் களைப்பையும் மந்தத்தையும் கொண்டுவரும், அவற்றைப் பார்க்க மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். ஆனால் 'இது பீரியட்ஸ் சார்ந்த மனமாற்றமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பரிசோதனை தினக்குறிப்பு ஒன்றுதான்.

சரி, என் பீரியட்ஸையும் மனநிலையையும் நானே எழுதுகிறேன். என்ன எழுதணும், எப்படி எழுதணும்?

ஒரு நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, ரத்தப்போக்கு (இல்லை, லேசு, நடுத்தரம், அதிகம்), பிறகு உன்னை அதிகம் தொல்லைப்படுத்தும் மூன்று நான்கு விஷயங்கள். அவற்றை நீயே தேர்ந்தெடு. எரிச்சல், சோகம், பதற்றம், 'யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை' என்று சட்டென்று புண்படுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வயிற்று வலி ஆகியவை பலர் எழுதுபவை. பத்துப் பதினைந்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதே. ஆசையாகத் தொடங்கி இரண்டாவது வாரத்தில் நோட்டு மூலையில் கிடக்கும்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண். மருத்துவர்கள் பயன்படுத்தும் தினக்குறிப்புப் படிவத்திலும் இந்த அளவுகோல்தான் இருக்கிறது. 1 என்றால் இல்லவே இல்லை. 2 என்றால் உற்றுக் கவனித்தால்தான் தெரிகிறது. 3 லேசு, 4 நடுத்தரம், 5 கடுமை, 6 மிகக் கடுமை. எல்லோரும் தடுமாறுவது 3-க்கும் 4-க்கும் இடையில்தான். அதற்கு நான் சொல்லும் வழி இது: மனசுக்குள்ளேயே இருந்து போனால் 3 போடு, அதனால் ஏதாவது ஒரு வேலையோ பேச்சோ கெட்டுப்போயிருந்தால் 4 போடு.

எண்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும். ஒன்றில் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று எழுது. இன்னொன்றில் ஒரே வரியில் அன்றைக்கு நடந்ததை எழுது: 'பரீட்சை', 'தோழியோடு சண்டை', 'வகுப்புக்குப் போகவில்லை'. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலர் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள். பின்னால் நோட்டைப் படிக்கும்போது பாதி விளக்கம் அதில்தான் இருக்கும்.

தூங்கப் போகும் முன், அந்த முழு நாளையும் நினைத்து எழுது. முந்தைய பக்கங்களைப் புரட்டாமல் எழுது, பார்த்தால் கை தானாக அதே எண்ணைப் போடும். நல்ல நாளிலும் 1 போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு நன்றாக இருந்தாயா, எழுத மறந்தாயா என்று யாருக்கும் தெரியாது. மறந்துபோனால் மறுநாள் காலை வரை நிரப்பலாம், அதற்கு மேல் ஆனால் காலியாகவே விட்டுவிடு. ஊகத்தில் நிரப்பிய வாரத்தைவிட ஓட்டை விழுந்த வாரம் மேல்.

எனக்கு 28 நாள் கணக்கெல்லாம் வருவதே இல்லை. ஒரு மாசம் 25, ஒரு மாசம் 40. நான் எப்படிக் கணக்கு வைப்பது?

பூப்பெய்திய முதல் சில வருடங்களில் அது சகஜம். ரத்தப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை 21 முதல் 45 நாள் வரை போவதை இந்த வயதில் இயல்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடு.

உன் விஷயத்தில் முன்னோக்கி எண்ணிப் பயனில்லை. 'இன்றைக்கு 21-ஆம் நாள், இனி கோபம் வரும்' என்று சொல்ல முடியாது. கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய பகுதிதான் அதிகமாக நீளும், குறுகும். அதற்குப் பிந்தைய பகுதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே இருக்கும். அதனால் பின்னோக்கி எண்ணு. பீரியட்ஸ் வந்த பிறகு, அந்தத் தேதிக்கு முந்தைய ஏழு நாட்களைச் சுற்றி ஒரு கோடு போடு. சுழற்சி 25 நாளோ 40 நாளோ, நீ பார்க்க வேண்டிய வாரம் அதுதான். லேசாகக் கறை மட்டும் பட்ட நாளை விட்டுவிட்டு, ஒழுங்காகப் போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்துக்கொள்.

இன்னொன்று. இந்த வயதில் சில சுழற்சிகளில் கருமுட்டை வெளிவராமலே ரத்தப்போக்கு வந்துபோகும். அப்போது புரோஜெஸ்டிரான் ஏற்றமும் இருக்காது. அதனால் ஒரு மாதம் கஷ்டமாகவும் அடுத்த மாதம் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். 'போன மாசம் நடித்தேனோ' என்று உன்னை நீயே சந்தேகப்பட வேண்டியதில்லை.

இரண்டு சுழற்சி எழுதி முடித்துவிட்டோம். நோட்டில் வெறும் எண்ணாக இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

இரண்டு வாரங்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்று, ரத்தப்போக்குக்கு முந்தைய ஏழு நாட்கள். மற்றொன்று, போக்கு தொடங்கிய 4-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள் வரை. முதல் வாரத்தில் ஏதோ ஓர் உணர்வு குறைந்தது இரண்டு நாளாவது 4 அல்லது அதற்கு மேல் போயிருக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் அதே உணர்வு 3-ஐத் தாண்டாமல், வெகுவாக இறங்கியிருக்க வேண்டும். இரண்டு சுழற்சியிலும் இப்படி இருந்தால் பீரியட்ஸோடு தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

விளக்கத்துக்காக, 15 வயதுப் பெண் ஒருத்தியின் நோட்டு என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். ஜூன் 3, ஜூலை 4, ஆகஸ்ட் 9 ஆகிய தேதிகளில் பீரியட்ஸ் வந்திருக்கிறது. அதாவது ஒரு சுழற்சி 31 நாள், அடுத்தது 36 நாள். அம்மாவுக்கு எல்லாமே 'அந்த நாள் கோளாறு' என்று எண்ணம். பெண்ணுக்கோ அதில் நம்பிக்கை இல்லை.

முதலில் எரிச்சலைப் பார்ப்போம். ஜூன் 27 முதல் ஜூலை 3 வரை அவள் போட்டிருக்கும் எண்கள் 2, 2, 4, 5, 5, 5, 3. ஜூலை 7 முதல் 13 வரை 1, 1, 2, 1, 1, 1, 1. கூட்டினால் 26-க்கு எதிரே 8. அடுத்த சுழற்சியில், ஆகஸ்ட் 2 முதல் 8 வரை 1, 2, 4, 4, 5, 5, 4. ஆகஸ்ட் 12 முதல் 18 வரை 1, 2, 1, 1, 1, 2, 1. இங்கே 25-க்கு எதிரே 9. சந்தேகமே வேண்டாம், எரிச்சல் சுழற்சியோடுதான் ஏறி இறங்குகிறது. சுழற்சி ஐந்து நாள் நீண்டபோதும் அந்த வாரம் பீரியட்ஸுக்கு முன்னால்தான் வந்து நின்றிருக்கிறது.

இப்போது சோகம். ஜூலைக்கு முந்தைய வாரம் 3, 3, 4, 4, 4, 4, 3. பிந்தைய வாரம் 3, 3, 3, 4, 3, 3, 3. கூட்டினால் 25-க்கு எதிரே 22. ஆகஸ்ட்டில் 25-க்கு எதிரே 21. முந்தைய வாரத்தில் கொஞ்சம் ஏறுகிறது, உண்மைதான். ஆனால் எரிச்சல் 1-க்கு இறங்கிவிட்ட நல்ல வாரத்திலும் சோகம் 3-லேயே உட்கார்ந்திருக்கிறது. இது பீரியட்ஸ் கொண்டுவந்த சோகம் இல்லை. மாதம் முழுக்க இருக்கும் ஒன்று, அந்த வாரத்தில் சற்றுக் கூடுகிறது, அவ்வளவுதான். அம்மா சொன்னது பாதி சரி, மீதிப் பாதியில் கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு ஒளிந்திருக்கலாம். நோட்டு எழுதாமல் இருந்திருந்தால் இரண்டும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கும்.

ஜூலை 21 அன்று எரிச்சலுக்கு 5 போட்டிருக்கிறாள். அடுத்த பீரியட்ஸுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் 'எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க' என்று எழுதியிருக்கிறது. அது நியாயமான கோபம், ஹார்மோனை இழுக்க வேண்டியதில்லை. தூக்கக் கட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஜூலை 1, 2 இரண்டு நாளும் ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருக்கிறாள். அந்த 5-களில் தூக்கமின்மைக்கும் பங்கு இருக்கும்.

இதற்கெல்லாம் ஆப் இருக்கிறதே, அது போதாதா?

தேதி குறிக்க நன்றாக உதவும். மனநிலைக்கு எனக்கு நோட்டுதான் பிடிக்கும். பல ஆப்கள் 'இன்னும் மூன்று நாளில் பீரியட்ஸ், மனநிலை மாறலாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அதைப் படித்துவிட்டு எழுதும் எண்ணில் ஆப்பின் பேச்சும் கலந்திருக்கும். ஒழுங்கற்ற சுழற்சியில் அந்தக் கணிப்பே பெரும்பாலும் தவறிப்போகும். ஆப்தான் வசதி என்றால் முன்னறிவிப்பை அணைத்து வையுங்கள். உள்ளே எழுதும் அந்தரங்கத் தகவல் யாருக்கெல்லாம் போகிறது என்று அதன் அமைப்புகளில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கத்தும்போது "என்ன, டேட் வரப்போகுதா?" என்று கேட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிறது. ஏன்?

ஏனென்றால் அவள் சொன்ன விஷயம் அந்த ஒரே கேள்வியில் காணாமல் போய்விடுகிறது. தன் மேசையைக் கேட்காமல் ஒழுங்குபடுத்தினீர்கள் என்று கத்துகிறாள் என்று வையுங்கள். மாதத்தின் மற்ற நாளில் அதற்கு முகம் சுளித்திருப்பாள், இன்று கதவை அறைகிறாள். அறைந்ததில் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம். மேசையைக் கேட்காமல் தொட்டது தொட்டதுதான். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்: "சரி, கேட்டிருக்கணும். இனிமே கேட்டுட்டுத்தான் தொடுவேன்." கேள்வியாகக் கேட்க நினைத்தது அப்போதைக்கு உங்கள் மனசிலேயே இருக்கட்டும்.

பேச வேண்டியதைப் பீரியட்ஸ் முடிந்த அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து விசாரிப்பதுபோல வேண்டாம். சேர்ந்து நடக்கும்போதோ ஏதாவது வேலை செய்யும்போதோ, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில் எடுங்கள். "போன வாரம் மூணு நாலு நாள் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த மாதிரி தெரிஞ்சுது. அந்த மாதிரி நாள்ல நான் என்ன பண்ணினா நல்லா இருக்கும்? எதைப் பண்ணினா இன்னும் எரிச்சலாகுது?" இரண்டாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள். பட்டியலில் உங்கள் பெயர் நாலு தடவை வந்தால் முறைத்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டில் இருக்கும் எண்ணையே வீட்டுப் பேச்சாக்கிக்கொள்ளலாம். "இன்னைக்கு எனக்கு அஞ்சு" என்று அவள் சொன்னால், அன்றைக்கு மார்க் பேச்சு இல்லை, விருந்தாளி முன் வந்து உட்காரச் சொல்வதில்லை, வாக்குவாதம் நாளைக்கு அல்லது மறுநாளைக்கு என்று ஓர் ஒப்பந்தம். தள்ளிவைப்பதுதான், தள்ளுபடி இல்லை. சொன்ன நாள் வந்ததும் அதைப் பேசியே ஆக வேண்டும். தம்பியை அடித்ததும் தட்டை எறிந்ததும் 'அஞ்சு' என்பதற்காகச் சரியாகிவிடாது. மன்னிப்பு கேட்கத்தான் வேண்டும், கேட்பதற்கு ஓரிரு நாள் அவகாசம் கொடுக்கலாம்.

எனக்கு 16 வயசு. அம்மாகிட்ட சொன்னா "நாங்கல்லாம் தாங்கலையா"ன்னு சொல்லிடுவாங்க. எப்படிச் சொல்றது?

'எனக்கு மூடு சரியில்லை' என்று தொடங்கினால் அந்தப் பதில்தான் வரும், ஏனென்றால் அதற்கு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது. நடந்ததையும் வேண்டியதையும் சேர்த்துச் சொல். "அம்மா, ரெண்டு மாசமா எழுதிப் பார்த்தேன். பீரியட்ஸுக்கு முந்தி நாலு நாள் காரணமே இல்லாம அழுகை வருது, படிக்க உட்கார முடியலை. வந்து ரெண்டு நாள்ல சரியாயிடுது. ஒரு தடவை டாக்டரைப் பார்க்கலாமா?" அழுகையின் நடுவில் சொல்லாதே, நல்ல வாரத்தில் சொல். நோட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டினாலும் போதும்.

அம்மா காது கொடுக்கவில்லை என்றால் அக்கா, அத்தை, சித்தி, பள்ளி ஆலோசகர், நீ நம்பும் டீச்சர் என்று வேறொருவரைப் பிடி. உனக்காக அம்மாவிடம் பேச இன்னொரு பெரியவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் அப்பா. இதில் நான் என்ன பேசுவது, ஒதுங்கியே இருந்துவிடலாமா?

ஒதுங்க வேண்டாம். பீரியட்ஸ் விவரத்தை அவள் உங்களிடம் பேச விரும்பாமல் இருக்கலாம், அது அவள் இஷ்டம். "இன்னைக்கு அஞ்சு" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் போதும். வீட்டில் யாராவது அதை வைத்துக் கிண்டல் செய்தால், குறிப்பாக அண்ணன் தம்பிகள், அந்த இடத்திலேயே நிறுத்துவது உங்கள் வேலை.

எது சாதாரணம், எப்போது டாக்டரிடம் போகணும்?

கொஞ்சம் சிடுசிடுப்பு, கொஞ்சம் அழுகை, பள்ளிக்கும் போகிறாள், நட்பும் கெடவில்லை என்றால் டைரியும் தூக்கமும் வலிக்கான கவனிப்பும் போதும். ஒவ்வொரு சுழற்சியிலும் சில நாள் பள்ளி போகிறது, உறவு முறிகிறது, படிப்பு நின்றுபோகிறது என்றால் போக வேண்டும். இந்தக் கடுமையான வடிவத்துக்கு பி.எம்.டி.டி. என்று பெயர். பீரியட்ஸுக்கு முந்தைய தொல்லைகளைப் பொதுவாகக் குறிக்கும் பி.எம்.எஸ்ஸைவிட இது மிகக் குறைவான பேருக்கே வரும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013-இல் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. அதன்படி எரிச்சல், சோகம், பதற்றம், திடீர் மனத் தாவல் ஆகிய நான்கில் ஒன்றாவது உட்பட ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும், இரண்டு சுழற்சி தினக்குறிப்பு அதை உறுதிசெய்ய வேண்டும்.

நம் உதாரணப் பெண்ணின் சோகம்போல மாதம் முழுக்க நீளும் எதுவும் காட்டப்பட வேண்டியதுதான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இரண்டு சுழற்சி காத்திருக்கக் கூடாது. 'செத்துடலாம்னு இருக்கு' என்று சொன்னாலோ எழுதினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றைக்கே உதவி தேடுங்கள். பீரியட்ஸ் வந்ததும் சரியாகிவிடும் என்று தேதியைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கடுமையான நிலையில் அந்த எண்ணம் மாதாமாதம் அதே வாரத்தில் திரும்பி வரக்கூடும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள், மருந்துகளையும் கூர்மையான பொருட்களையும் எட்டாமல் வையுங்கள், உங்கள் ஊரின் மனநல உதவி எண்ணையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ உடனே நாடுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்? மனநல மருந்து கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் நோட்டைக் கேட்பார். அது கையில் இருந்தால், அடுத்த இரண்டு மாதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லும் ஒரு சுற்று மிச்சம். வலி பெரிதாக இருந்தால் அதற்கே முதலில் மருந்து வரும். இப்யூபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளை வலி முற்றும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே எடுத்தால் நன்றாகக் கேட்கும். அளவையும், அது இவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனநிலையைக் கையாளும் பேச்சு சிகிச்சையும் உண்டு. கால்சியம் சிலருக்கு ஓரளவு உதவுகிறது. வைட்டமின் பி6-ஐ நீங்களாக அதிக அளவில் வாங்கிக் கொடுக்காதீர்கள், நீண்ட நாள் கூடுதலாக எடுத்தால் நரம்பைப் பாதிக்கும்.

கடுமையான நிலையில் ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. மனச்சோர்வுக்கு இவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பி.எம்.டி.டி.யில் சில நாட்களிலேயே பலன் தெரியக்கூடும், அதனால் பெரியவர்கள் சிலருக்குப் பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் கொடுப்பதும் உண்டு. வளரிளம் வயதில் தொடங்கினால் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் ஏதும் தலைதூக்குகிறதா என்று கூர்ந்து கவனிக்க வேண்டும், இது மருந்தின் எச்சரிக்கையிலேயே இருக்கிறது. சிலருக்குக் கருமுட்டை வெளிவருவதை நிறுத்தும் ஹார்மோன் மாத்திரையை மருத்துவர் யோசிக்கலாம். எதைத் தொடங்கினாலும் நோட்டை நிறுத்தாதீர்கள். மருந்து கேட்கிறதா என்று அதே இரண்டு வாரங்களை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

அவள் நோட்டை நான் எடுத்துப் பார்க்கலாமா?

கேட்காமல் வேண்டாம். பார்க்கிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாக் கட்டத்திலும் 2 விழும், நோட்டு வீணாகிவிடும். எண்களைக் காட்டலாம், 'இன்று நடந்தது' கட்டத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசிவையுங்கள். அவள் உயிருக்கு ஆபத்து என்று நினைக்கக் காரணம் இருந்தால் மட்டும் இந்த ஒப்பந்தம் செல்லாது. அதையும் தொடக்கத்திலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இதை எவ்வளவு நாள் எழுதிக்கொண்டே இருப்பது?

இரண்டு முழுச் சுழற்சி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் மூன்றாவதையும் எழுதட்டும். பிறகு எண் போடுவதை நிறுத்திவிடலாம், வருடக்கணக்கில் தினமும் மனசை அளந்துகொண்டே இருப்பதும் ஒரு தொல்லைதான். பீரியட்ஸ் தொடங்கும் தேதியை மட்டும் தொடர்ந்து குறிக்கட்டும். மருந்து தொடங்கினாலோ, மாற்றினாலோ, புதிதாக ஏதாவது தலைகாட்டினாலோ மறுபடி இரண்டு சுழற்சிக்கு நோட்டை எடுத்தால் போதும்.